நீலத்திரை சொல்லும் முகவரி

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. காலை 9.39 மணிக்குப் பிறகு உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்திரை காட்டி நின்றன. சென்னை விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நின்ற கணிப்பொறிகள் ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் பல கணிப்பொறிகளில் அதே திரைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தத் திரையில் இரண்டு வரிகள் இருந்தன.

```
Stop code: PAGE_FAULT_IN_NONPAGED_AREA
What failed: csagent.sys
```

இவ்வரிகளின் பொருள் என்ன? குற்றவாளி இன்னார் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் நிற்கிறது?

நீங்கள் பாட்டுக் கேட்கும் நிரலில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டும் மூடிக்கொள்ளும்; மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வலையட்டை முதலியவற்றை இயக்கும் டிரைவர் நிரல்கள் விண்டோஸின் உட்கருவிலேயே வேலை செய்கின்றன. சில பாதுகாப்பு மென்பொருள்களும் இப்படியொரு டிரைவரை உள்ளே வைத்திருக்கின்றன. அங்கே பிழை நேர்ந்தால் எந்த நினைவகப் பகுதி கெட்டது என்று யாராலும் உறுதி கூற முடியாது. தொடர்ந்து ஓடினால் வட்டிலுள்ள கோப்புகளும் கெடலாம். ஆகவே விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி, நின்ற காரணத்தை ஒரு குறியீடாகத் திரையில் காட்டுகிறது. அதுவே நிறுத்தக் குறியீடு. (2025இல் விண்டோஸ் 11இல் செய்த மாற்றத்துக்குப் பின் இத்திரை கறுப்பாக வருகிறது, குறியீடு அப்படியே உண்டு.)

மேலே கண்ட குறியீட்டின் பொருள் இதுதான்: ஒரு நிரல் ஏதோ ஒரு நினைவக முகவரியைப் படிக்கவோ அதில் எழுதவோ போயிற்று, அந்த முகவரியில் எதுவும் இல்லை. இது நோயின் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்று சொன்னால் எதனால் வந்தது என்று தெரியாதல்லவா? காரணத்தைத் தேட டம்ப் கோப்பைத் திறக்க வேண்டும்.

டம்ப் கோப்பு

நிற்பதற்கு முன் விண்டோஸ் நினைவகத்தின் முக்கியப் பகுதிகளை ஒரு கோப்பில் பதிந்து வைக்கிறது. சிறிய டம்ப் கோப்புகள் `C:\Windows\Minidump` என்ற இடத்தில் இருக்கும். கோப்பின் பெயர் மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் தொடங்கும். கோப்பை வேறோர் இடத்தில் படியெடுத்து, மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் WinDbg என்ற நிரலில் திறந்து, இணைய இணைப்புடன் இந்தக் கட்டளையை இட வேண்டும்:

```
!analyze -v
```

நீண்ட அறிக்கை ஒன்று வரும். ஜூலை 19 விபத்தின் ஒரு டம்ப் விவரத்தை மைக்ரோசாஃப்ட் அம்மாதமே வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

```
READ_ADDRESS: ffff840500000074
FAULTING_MODULE: fffff80671430000 csagent
rip=fffff806715114ed
```

முதல் வரி, படிக்க முயன்ற முகவரி. இரண்டாவது, csagent என்ற டிரைவர் நினைவகத்தில் குடியேறிய இடத்தின் தொடக்கம். மூன்றாவது, நின்ற கணத்தில் நடந்துகொண்டிருந்த கட்டளை இருந்த இடம்.

ஆவடியில் ஒரு வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியின் கதவு எண்கள் 400இல் தொடங்கி 450இல் முடிகின்றன. 417ஆம் வீட்டில் புகை வருகிறது என்றால் அது எந்தத் தொகுதி என்று உடனே சொல்லிவிடலாம். தொடக்கத்திலிருந்து 17 எண் தள்ளியிருக்கிறது என்றும் சொல்லலாம். இங்கும் அதே கணக்குத்தான். மூன்றாம் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழிக்க வேண்டும். எண்கள் பதினாறடிமானத்தில் உள்ளன என்பதே வேறுபாடு: 10 முதல் 15 வரை a முதல் f வரையிலான எழுத்துகள்.

முன்பகுதி fffff806 இரண்டிலும் ஒன்றே. மிஞ்சுவது:

```
  715114ed
- 71430000
----------
  000e14ed
```

கடைசி நான்கு இடங்களில் கழிக்க ஒன்றுமில்லை. அடுத்து 1இலிருந்து 3 போகாது; பக்கத்திலிருந்து கடன் வாங்கினால் 16 கூடி 17 ஆகும். 17இல் 3 போக 14, அதாவது e. பக்கத்து 5 இப்போது 4. அதில் 4 போக 0. விடை e14ed. நம் எண்முறையில் 9,22,861. csagent டிரைவரின் தொடக்கத்திலிருந்து அத்தனை பைட் தள்ளியிருந்த கட்டளையில்தான் விபத்து நேர்ந்தது. அறிக்கையும் இதையே `csagent+0xe14ed` என்று எழுதியிருந்தது.

உண்மையான காரணம்

csagent.sys என்பது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர். அன்று டிரைவர் மாறவில்லை; அது படிக்கும் விவரக் கோப்பு ஒன்றுதான் புதிதாக வந்தது. அக்கோப்பு 21ஆம் விவரத்தைக் கேட்டது. டிரைவரிடம் இருந்தவையோ 20 மட்டுமே. இல்லாத 21ஆம் இடத்தில் கிடந்த ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று எடுத்துக்கொண்டு டிரைவர் அங்கே படிக்கப் போயிற்று. முகவரி சுழியா என்று அது சோதித்தது, சுழி இல்லை. ஆனால் சுழி அல்லாத முகவரியெல்லாம் சரியான முகவரி ஆகிவிடாதே!

78 நிமிடத்தில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்துவிட்ட கணிப்பொறிகளில் பல, திருத்தம் வந்து சேருமுன்பே மீண்டும் விழுந்தன. டிரைவர் தொடக்கத்திலேயே ஓடுவதால் வந்த வினை. ஆகவே பாதுகாப்பு முறையில் இயக்கி, `C-00000291` என்று தொடங்கும் அக்கோப்பை ஒவ்வொரு கணிப்பொறியிலும் கையால் நீக்க வேண்டியிருந்தது.

எச்சரிக்கை

விழுந்த இடம் தெரிந்தால் தள்ளியவர் யார் என்று எப்போதும் தெரிந்துவிடாது. ஒரு டிரைவர் மற்றொன்றின் நினைவகத்தில் தவறாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பிறகு அதைப் படிக்கும் அப்பாவி விழும். அறிக்கையில் `ntoskrnl.exe` அல்லது `ntkrnlmp.exe` என்று வந்தால் அது விண்டோஸின் உட்கருவே. பெரும்பாலும் அது குற்றவாளியன்று. அப்போது `k` என்ற கட்டளையை இட்டால் யார் யாரை அழைத்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில் உட்கருவை அழைத்த வேறு நிறுவன டிரைவர் உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு டம்ப்பை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு கோப்புகளை ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் அதே டிரைவர், அதே தொலைவு என்றால் ஐயம் வலுக்கிறது. அந்த டிரைவரைப் புதுப்பித்தோ, அண்மையில் புதுப்பித்திருந்தால் பழையதற்குத் திரும்பியோ பாருங்கள். விபத்து நின்றால் ஐயம் உறுதியாகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரும் வெவ்வேறு நிறுத்தக் குறியீடும் வந்தால் நினைவக அட்டையே பழுதாகியிருக்கலாம். `mdsched.exe` என்ற விண்டோஸ் சோதனையை ஓட்டிப் பார்ப்பதே அப்போது முதல் வேலை.

செய்து பாருங்கள்

ஒரு கற்பனைக் கணிப்பொறியில் 'அ' டிரைவர் 40000 முதல் 4ffff வரையும், 'ஆ' டிரைவர் 50000 முதல் 7ffff வரையும் குடியிருக்கின்றன. விபத்து நேர்ந்த கட்டளை 6a2c0இல் உள்ளது. எந்த டிரைவர்? எவ்வளவு தொலைவு?

(விடை: 'ஆ'; 1a2c0.)