தன்விவரக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்புதல்: கோப்பின் பெயர், இணைப்பு, மடலின் அளவு

வேலைக்கான தன்விவரக் குறிப்பு மின்னஞ்சல் வழியே ஒரு நிறுவனத்தை அடைந்த பின்னர் அதற்கு என்ன நேர்கிறது என்பதை அனுப்புவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆட்சேர்ப்பு அலுவலர் மடலைத் திறக்கிறார். சில வரிகளைப் பார்க்கிறார். தகுதி பொருந்துவதாகத் தோன்றினால் இணைக்கப்பட்ட கோப்பை அப்பணிக்குரிய கோப்புறையில் சேமித்து வைக்கிறார். அந்த நொடியில் மடலும் கோப்பும் பிரிந்துவிடுகின்றன. கோப்பு தனியே துறைத் தலைவருக்குச் செல்கிறது. நேர்காணல் குழுவினரின் கைப்பேசிகளுக்குச் செல்கிறது. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களைத் தொகுக்கும் மென்பொருளுக்குள்ளும் ஏற்றப்படுகிறது. மடலோ அலுவலரின் அஞ்சற்பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. கோப்புக்கு என்ன பெயர் இடுவது, எவற்றை இணைப்பது, மடலை எவ்வளவு எழுதுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தப் பிரிவிலிருந்தே கிடைக்கிறது.

கோப்பின் பெயர்

ஒரு பணிக்கு நூறு பேர் விண்ணப்பித்து, அவர்களில் முப்பது பேர் தம் கோப்பிற்கு `Resume.pdf` என்று பெயரிட்டிருப்பதாகக் கொள்வோம். அவற்றை ஒரே கோப்புறையில் இறக்கும்போது கணினி இரண்டாவதற்கு `Resume (1).pdf` என்றும், மூன்றாவதற்கு `Resume (2).pdf` என்றும் தானே எண்ணிடுகிறது. எது யாருடையது என்பதை அறிய ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். `my cv final new2.docx` போன்ற பெயர்கள் தனித்து நிற்பவைதாம். ஆயினும் அவை அனுப்பியவரின் கணினியில் பயன்படும் குறிப்புகளேயன்றி, பெறுபவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. முன்னே இரண்டு வடிவங்கள் இருந்தன என்ற செய்தி மட்டும் வெளிப்படுகிறது.

பெயரில் இருக்க வேண்டியவை இரண்டே: விண்ணப்பதாரரின் பெயர், அவர் நாடும் பணி அல்லது அவருடைய தொழில். `Sunita_Pawar_Site_Engineer.pdf` என்பது போதுமானது. விளம்பரத்தில் பணிக்குறியீட்டு எண் தரப்பட்டிருந்தால் அதையும் இறுதியில் சேர்க்கலாம். நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது விவேகமன்று. வேறொரு நிறுவனத்திற்கு அதே கோப்பை அனுப்பும்போது பழைய பெயர் மாறாமல் போய்ச் சேர்வது அடிக்கடி நிகழும் பிழையாகும்.

சொற்களுக்கிடையே அடிக்கோடோ சிறுகோடோ இடுவது நலம். சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி ஆகியவற்றை விண்டோஸ் கணினிகள் கோப்பின் பெயரில் ஏற்பதில்லை. ஆகவே `SE/14` என்னும் பணிக்குறியீட்டைப் பெயரில் `SE-14` என மாற்றியே எழுத வேண்டும். பெயரைத் தமிழ், இந்தி முதலிய எழுத்துகளில் இடுவதற்குத் தடையில்லை. எனினும் அத்தகைய பெயர்கள் அஞ்சலில் செல்லும்போது வேறொரு குறியீட்டு வடிவில் பொதியப்படுகின்றன. பழைய மென்பொருள்கள் சில அதைச் சரியாகப் பிரிக்காமல், பொருளற்ற குறிகளாகக் காட்டுவதுண்டு.

தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னே இடும் தமிழகத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `S.Kavitha` என்று கோப்பிலும், `Kavitha S` என்று தன்விவரக் குறிப்பிலும், அஞ்சற் கணக்கில் பள்ளிப் பருவத்தில் சூட்டிய செல்லப் பெயரும் இருந்தால், தேடுகின்றவருக்கு மூவரும் மூன்று ஆட்களே. கோப்புறை அகர வரிசையில் அடுக்கப்படுவதால் ஒன்று எஸ் வரிசையிலும் மற்றொன்று கே வரிசையிலும் போய் நிற்கும். எந்த முறையாயினும் மூன்று இடத்திலும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

பெயரின் இறுதியில் வரும் வகைக்குறி பற்றியும் கூற வேண்டும். விண்டோஸ் கணினியில் இக்குறி வழக்கமாக மறைக்கப்பட்டிருக்கும். அதை அறியாது வேர்டு கோப்பின் பெயருடன் `.pdf` என்று தட்டச்சு செய்தால், அக்கோப்பு உண்மையில் `Resume.pdf.docx` ஆகிறது. இரட்டை வகைக்குறி தீங்கு செய்யும் கோப்புகளின் அடையாளங்களுள் ஒன்றாகையால் பெறுபவர் ஐயுறக்கூடும். குறி தெரியும்படி இருந்து `.docx` என்பதை அழித்து `.pdf` என்று எழுதினாலோ, கோப்பின் உள்ளடக்கம் மாறுவதில்லை; பெறுபவரின் கணினி அதைத் திறக்க முயன்று, கோப்பு பழுதுற்றது என அறிவிக்கும். வேர்டிலிருந்தே பி.டி.எஃப். வடிவில் சேமிப்பதுதான் முறை.

எதை இணைப்பது?

விளம்பரத்தில் வேறு விதமாகக் கேட்கப்படாதவரை ஒரே ஒரு பி.டி.எஃப். கோப்பு போதும். 2008-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட இவ்வடிவில் எழுத்துருக்களையும் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க முடிவதால், அனுப்பியவர் கண்ட பக்கமே பெறுபவருக்கும் தெரிகிறது. வேர்டு கோப்பில் இந்த உறுதி இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் வரிகள் இடம் மாறி, இரண்டு பக்கக் குறிப்பு மூன்றாவது பக்கத்தில் இரண்டு வரிகளுடன் முடியக்கூடும். ஆயினும் இடைத்தரகு ஆட்சேர்ப்பு நிறுவனங்கள் சில, தம் முத்திரைத் தலைப்பில் குறிப்பை மாற்றி அமைப்பதற்காக வேர்டு வடிவையே கேட்பதுண்டு. அவ்வாறு கேட்கப்பட்டால் அதையே அனுப்ப வேண்டும்.

எல்லா பி.டி.எஃப். கோப்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. அச்சிட்ட தாளைக் கைப்பேசியால் படமெடுத்து உருவாக்கிய கோப்பு வெறும் படமே. அதில் எழுத்துகள் இல்லை. மனிதர் அதைப் படிக்கலாம். தேடும் மென்பொருளுக்கோ அது வெற்றுத்தாள். இதைச் சோதிப்பது எளிது. கோப்பைத் திறந்து, ஒரு பத்தியைத் தெரிவு செய்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். எழுத்துகள் வந்தால் கோப்பு சரியானது. ஒன்றும் வரவில்லை என்றாலும், வரிகள் ஒன்றோடொன்று கலந்து வந்தாலும் மென்பொருளும் ஏறத்தாழ அவ்வாறே காணும் எனக் கொள்ளலாம். இரு பத்திகளாகப் பிரித்த அலங்கார அமைப்புகளில் இந்தக் கலப்பு நேர்வதுண்டு.

மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்றுகள், ஆதார் நகல் ஆகியவற்றை முதல் மடலிலேயே இணைக்கும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. அரசுப் பணிகளுக்குச் சான்றொப்பமிட்ட நகல்களைத் தபாலில் அனுப்பிய காலத்தின் எச்சம் இது எனலாம். தனியார் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பில் இவை தெரிவுக்குப் பின் நடைபெறும் சரிபார்ப்பிலேயே தேவைப்படுகின்றன. யார் யாருக்குச் செல்லும் என்று தெரியாத மடலில் அடையாள ஆவணத்தை அனுப்புவதில் இடரும் உண்டு. பின்னர் ஆதார் கேட்கப்பட்டாலும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேட்கலாம்.

அளவினால் வரும் தடையும் ஒன்று உண்டு. மின்னஞ்சல் முதலில் எழுத்துகளை மட்டும் கொண்டு செல்ல அமைக்கப்பட்டது. எனவே, இணைப்புக் கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகிறது. கணினியில் 8 எம்.பி. அளவுள்ள கோப்புகள் பயணத்தில் ஏறத்தாழ 11 எம்.பி. ஆகிவிடுகின்றன. ஜிமெயில் 25 எம்.பி. வரை இணைப்புகளை அனுப்ப இடந்தருகிறது. ஆனால் 10 எம்.பி. என்னும் எல்லையுடைய அலுவலக அஞ்சல் சர்வர்கள் பல உள்ளன. ஆகவே அனுப்புபவரிடம் தடையின்றிப் புறப்பட்ட மடல் பெறுபவரின் வாயிலில் திருப்பப்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

நாக்பூரில் மூன்றாண்டுக் கட்டுமான அனுபவம் உள்ள ஒரு பொறியாளர், புணேயில் உள்ள நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கிறார். சுனிதா பவார் என்று கற்பனைப் பெயர் இடுவோம். முதல் முயற்சியில் அவர் மடலின் பொருள் வரியில் `Resume` என்று எழுதி, மடலை வெறுமையாக விட்டு, ஒரு வேர்டு கோப்பையும் கைப்பேசியில் எடுத்த ஆறு சான்றிதழ்ப் படங்களையும் இணைக்கிறார். மொத்தம் 8 எம்.பி. சில நிமிடங்களில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒரு மடல் வருகிறது. அதன் நடுவே `552 5.3.4` என்னும் எண் இருக்கிறது. மடல் அளவு மிகுந்ததால் ஏற்கப்படவில்லை என்பது அதன் பொருள். இவ்வகை மடல்களை விளம்பரம் என எண்ணிப் படிக்காமல் விடுவோர் பலர். அவர்கள் விண்ணப்பித்துவிட்டதாகவே நம்பிக் காத்திருப்பர்.

இரண்டாம் முறை அவர் இரண்டு பக்கக் குறிப்பைப் பி.டி.எஃப். ஆக்குகிறார். அதன் அளவு 200 கே.பி. மட்டுமே. சான்றிதழ்கள் நீக்கப்படுகின்றன. பொருள் வரி இவ்வாறு அமைகிறது:

```
Site Engineer (SE/14) - Sunita Pawar - B.E. Civil, 3 years
```

மடலின் அளவே இனி எஞ்சியது. வெற்று மடலுடன் வரும் இணைப்பு ஐயத்திற்கு இடமாகிறது. ஒரு பக்க நீளமுள்ள முகப்புக் கடிதமோ கைப்பேசித் திரையில் பல முறை நகர்த்திப் படிக்க வேண்டியதாகிறது. நூறு முதல் நூற்றைம்பது சொற்கள் என்பது ஏற்ற அளவு. திறக்கும் முன்பே அஞ்சற்பெட்டியில் பொருள் வரியை அடுத்து முதல் சில சொற்கள் தெரியும் என்பதால், நலம் விசாரிப்பிலும் பணிவுரையிலும் அவ்விடத்தைச் செலவிடாமல் செய்தியிலேயே தொடங்குவது பயனுடையது.

சுனிதாவின் மடல் மூன்று சிறு பத்திகளால் ஆனது. முதலில், எந்தப் பணிக்கு, எந்த விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பிக்கிறார் என்பது. இரண்டாவதில், மூன்றாண்டுகளில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் கான்கிரீட் பணியை மேற்பார்வையிட்டதும், ஒப்பந்ததாரர் பட்டியல்களைச் சரிபார்த்ததும் கூறப்படுகின்றன. விளம்பரத்தில் கேட்கப்பட்டவை இவ்விரண்டும் என்பதால் மற்றவை விடப்படுகின்றன. மூன்றாவதில், தற்போதைய பணியிலிருந்து விலக 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதும், புணேக்கு இடம்பெயர இசைவு என்பதும் வருகின்றன. இவை தொலைபேசியில் முதலில் கேட்கப்படும் கேள்விகளாதலால் மடலிலேயே விடை இருப்பது ஓர் அழைப்பை மிச்சப்படுத்துகிறது. இறுதியில் பெயரும் கைப்பேசி எண்ணும். அதே எண் கோப்பிலும் இடம்பெற வேண்டும். அதுவும் பக்கத்தின் உடற்பகுதியில் இருத்தல் நன்று, தலைப்பகுதியில் இடப்பட்டவற்றைச் சில மென்பொருள்கள் விட்டுவிடுவதால்.

மடலிலேயே முகப்புக் கடிதத்தின் பணி முடிந்துவிடுவதால், அதைத் தனிக் கோப்பாகவும் இணைப்பது தேவையற்றது. கட்டட வரைபடங்கள் போன்ற பெரிய கோப்புகளைக் காட்ட வேண்டியிருந்தால் கூகுள் டிரைவ் இணைப்பு முகவரியை மடலில் தரலாம். ஆனால் அங்குள்ள கோப்புகள் உரியவருக்கு மட்டுமே திறக்கும்படி தொடக்கத்தில் அமைந்திருக்கும். அனுமதியை மாற்றாமல் அனுப்பினால், அனுமதி கோருமாறு சொல்லும் பக்கமே ஆட்சேர்ப்பு அலுவலருக்குத் தெரியும். தம் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில், அல்லது வேறொருவரின் கைப்பேசியில், அம்முகவரியைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

அனுப்பிய பின் பிழை தெரியவந்தால் புதிய மடல் எழுதாமல், முதல் மடலுக்கே மறுமொழியாகத் திருத்திய கோப்பை `Sunita_Pawar_Site_Engineer_Revised.pdf` என்னும் பெயரில் ஒருமுறை அனுப்பி, முன்னதை நீக்குமாறு ஒரு வரியில் கேட்டுக்கொள்ளலாம். பழைய பெயரிலேயே அனுப்பினால் கோப்புறையில் இரண்டும் அருகருகே நிற்கும். எது பிந்தியது என்பது பெறுபவருக்குத் தெரியாது.