கைகாக்கும் வினாக்கள்

நுழையும்முன்

தேர்வு என்றால் மதிப்பெண் என்றே மாணவர் நினைப்பர். தொழிற்கூடத்தில் நடைபெறும் ஒரு சிறு தேர்வின் விடை மதிப்பெண்ணோடு முடிவதில்லை; மறுநாள் காலையில் இயந்திரத்தின் முன் நிற்கும் கை என்ன செய்யும் என்பதை அது முன்கூட்டியே அறிய முயல்கிறது. அத்தகைய தேர்வுக்குரிய வினாக்களை எவ்வாறு எழுதுவது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

பயிற்சிக்குப் பின் ஒரு வினாத்தாள்

பருத்தி நூற்பாலை ஒன்றில் புதிதாக இருபது பேர் பணியில் சேர்ந்துள்ளனர் எனக் கொள்வோம். அவர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் பற்றி அரைநாள் பயிற்சி அளிக்கப்படுகிறது. பயிற்சியின் முடிவில் ஆறு வினாக்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு பயிற்சியாளருக்கு உரியது. அவர் முதன்முதலில் எழுதும் வினா பெரும்பாலும் இப்படித்தான் அமையும்:

‘கார்டிங் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கதவைத் திறக்கலாமா? அ) திறக்கலாம் ஆ) திறக்கக்கூடாது.’

இருபது பேரும் ‘திறக்கக்கூடாது’ என்றே எழுதுவர். பயிற்சியாளரும் மனநிறைவு கொள்வார். எனினும், இவ்வினா எதையும் அளக்கவில்லை. பயிற்சிக்கு வராத ஒருவரும் இதற்குச் சரியாக விடையளித்துவிடுவார். ‘கூடாது’ என்பதே விடையாக இருக்கும் என்பதை வினாவின் தொனியே காட்டிக்கொடுக்கிறது. இரண்டே விடைகள் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பாதி வாய்ப்பு உண்டு. விதியின் வாசகம் நினைவில் உள்ளதா என்று கேட்பது ஒன்று. விதி மீறப்படும் தருணத்தில் அவர் என்ன செய்வார் என்று கேட்பது வேறொன்று.

தவறு நிகழும் இடம்

நல்ல வினாவை எழுத விரும்புபவர் விதிப் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. தவறு நிகழும் இடத்திலிருந்து தொடங்குகிறார். கார்டிங் இயந்திரம் பஞ்சின் சிக்கை நீக்கி, இழைகளை ஒழுங்குபடுத்துவது. அதன் நடுவே ஒரு மீட்டருக்கும் மிகுதியான விட்டமுடைய உருளை ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய உலோகப் பற்கள் நிறைந்திருக்கும். அது நிமிடத்திற்குப் பல நூறு முறை சுழலும்.

ஓடும் இயந்திரத்துக்குள் எவரும் வேண்டுமென்றே கையை விடுவதில்லை. தவறு வேறோரிடத்தில் நிகழ்கிறது. பஞ்சு அடைத்துக்கொள்ளும், தொழிலாளி நிறுத்தப் பொத்தானை அழுத்துவார், மோட்டாரின் இரைச்சல் அடங்கும். ‘நின்றுவிட்டது’ என எண்ணிக் கதவைத் திறப்பார். ஆனால், எடைமிக்க அந்த உருளை தன் உந்தத்தால் மேலும் சில நிமிடங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். வேகமாகச் சுழலும்போது அதன் பற்கள் கண்ணுக்குத் தெரியா. வழுவழுப்பான பரப்பாகவே தோன்றும். ஆகவே, ஆபத்து பொத்தானை அழுத்துவதற்கு முன் இருப்பதைப் போலவே, அழுத்திய பின்னும் இருக்கிறது.

புதிய வகை இயந்திரங்களில் உருளை நிற்கும்வரை கதவு திறவாதபடி பூட்டு அமைந்துள்ளது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அவ்வமைப்பு இல்லை. இருக்கும் இடத்திலும் பூட்டுப் பழுதடைந்திருக்கலாம். எனவே, பூட்டை மட்டும் நம்பியிருக்க இயலாது.

மீண்டும் எழுதப்பட்ட வினா

மேற்கண்ட செய்தியை மனத்திற்கொண்டு பயிற்சியாளர் அதே வினாவை மாற்றி எழுதுகிறார்:

‘கார்டிங் இயந்திரத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டது. நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். மோட்டார் சத்தமும் நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்வீர்கள்?
அ) உடனே கதவைத் திறந்து பஞ்சை எடுப்பேன்.
ஆ) கையை விடாமல் ஒரு கம்பியால் பஞ்சை எடுப்பேன்.
இ) உருளை நிற்கும்வரை காத்திருந்து பஞ்சை எடுப்பேன்.
ஈ) கதவைத் திறக்காமல் மேற்பார்வையாளரை அழைப்பேன்.’

இதில் ‘கூடாது’ என்ற சொல்லே இல்லை. நான்கு விடைகளும் ஏறத்தாழ ஒரே நீளம் கொண்டவை. நீளமானதே சரியான விடை என்று ஊகிக்க இடமில்லை. அதனினும் இன்றியமையாதது, தவறான விடை ஒவ்வொன்றும் தொழிற்கூடத்தில் உண்மையாக நிகழும் தவறு என்பதாகும். ‘இயந்திரத்தை உதைப்பேன்’ போன்ற நகைப்புக்குரிய விடையைச் சேர்த்தால், அதை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார். நான்கு விடைகள் மூன்றாகக் குறைந்துவிடும்.

இவற்றுள் ‘இ’ என்னும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. அது அறிவுள்ள விடை போலவே தோன்றும். ஆனால், உருளை நின்ற பின்னும் மின்சாரம் இருக்கிறது. மறுபக்கத்தில் நிற்கும் ஒருவர், இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று எண்ணி, அதை இயக்கிவிடலாம். அதனால்தான் பயிற்சி பெற்ற ஃபிட்டர் மெயின் சுவிட்சை நிறுத்தி, அதற்குப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்ட பின்னரே கதவைத் திறக்கிறார். அப்பயிற்சி பெறாத புதியவர் செய்ய வேண்டியது அழைப்பது மட்டுமே.

விடைகள் கூறும் செய்தி

இருபது பேரின் விடைகள் இவ்வாறு அமைந்தன எனக் கொள்வோம்: ‘ஈ’ என எழுதியோர் 10 பேர், ‘இ’ 8 பேர், ‘அ’, ‘ஆ’ தலா ஒருவர். ‘பாதிப் பேர் தேறவில்லை’ என்று மட்டும் கூறிக் கடந்துபோவது பயனற்றது. எட்டுப் பேர் ஒரே தவற்றைச் செய்யும்போது, அது பெரும்பாலும் அவர்களுடைய தவறு அன்று. உருளை சுழல்வதைப் பயிற்சியாளர் நன்கு விளக்கியுள்ளார். மெயின் சுவிட்சைப் பூட்டுவதன் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவ்விடத்தை அன்றே மீண்டும் நடத்த வேண்டும். ‘அ’, ‘ஆ’ எழுதிய இருவரிடமும் தனியே பேசி, அவர்கள் எதை எவ்வாறு புரிந்துகொண்டார்கள் எனக் கேட்டறிய வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணும் ஏமாற்றக்கூடியது. ஆறு வினாக்களில் ஐந்துக்குச் சரியாக விடையளித்தவர் சிறப்பாகத் தேறியவர் போலத் தோன்றுவார். அவர் தவறவிட்ட ஒன்று இந்தக் கார்டிங் வினாவாக இருந்தால், அவரை இயந்திரத்தின் அருகில் அனுப்ப இயலாது. எனவே, உயிருக்கோ உறுப்புக்கோ உடனே ஊறு செய்யும் செயல்கள் பற்றிய வினாக்களை ‘கட்டாய வினா’ எனத் தனியே குறித்துவைப்பது முறை. அவற்றில் தவறியவர், மற்றவற்றில் எவ்வளவு பெற்றாலும், மீண்டும் பயிற்சி பெற்ற பின்னரே பணிக்குச் செல்வார்.

பெயரைக் கேட்பதா, அறிகுறியைக் கேட்பதா?

பருத்தித் தூசியை நெடுங்காலம் சுவாசிப்போருக்குப் ‘பிசினோசிஸ்’ என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். ‘பிசினோசிஸ் எந்த உறுப்பைத் தாக்கும்?’ என்று கேட்டால், சொல்லை மனப்பாடம் செய்தவர் விடையளிப்பார். ஆனால், தம் உடலில் அது தொடங்கும்போது அவர் அதை அறிந்துகொள்வாரா? பின்வருமாறு கேட்பதே பயன் தரும்:

‘சில ஆண்டுகளாக வேலை செய்யும் உங்கள் தோழிக்கு, வார விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கமாக உள்ளது. மறுநாள் குறைந்துவிடுகிறது. அவரிடம் என்ன சொல்வீர்கள்?’

‘தானாகச் சரியாகிவிடும்’, ‘இருமல் மருந்து குடி’, ‘முகக்கவசம் அணிந்தால் போதும்’, ‘ஆலை மருத்துவரிடம் உடனே சொல்’ என்பன விடைகளாக அமையலாம். கடைசி விடையைத் தேர்ந்தெடுப்பவர், நோயின் பெயரை மறந்திருந்தாலும், அதைக் காலத்தே காட்டிக்கொடுக்கும் அறிவைப் பெற்றவர் ஆவார்.

தெரிந்து தெளிவோம்

பிசினோசிஸ் நோயின் தொடக்கத்தில் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வார விடுமுறைக்குப் பிந்தைய முதல் பணிநாளில் மிகுதியாக இருக்கும். பஞ்சாலைகளில் ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமையில் இது தோன்றியதால், ஆங்கிலத்தில் இதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்னும் பொருள்படும் பெயரும் ஏற்பட்டது. தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் நோய் முற்றாமல் தடுக்கலாம்.

வினாவின் மொழி

பாதுகாப்பு வினாத்தாள் மொழித்தேர்வு அன்று. ‘தனிநபர் பாதுகாப்புச் சாதனங்களைப் பயன்படுத்துதல் அவசியமன்று என்பது தவறா?’ என்னும் வினாவில் இரண்டு எதிர்மறைகள் உள்ளன. விதியை நன்கறிந்தவரும் இதில் தடுமாறுவார். ‘முகக்கவசம்’, ‘காதடைப்பான்’ எனப் பொருளின் பெயரையே சொல்லிக் கேட்பது தெளிவு. தொழிற்கூடத்தில் ‘மெயின் சுவிட்சு’ என வழங்குவதை வினாத்தாளில் ‘முதன்மை மின்னிணைப்பான்’ என்று எழுதினால், தொழிலாளி அது வேறொரு கருவி என்று எண்ணக்கூடும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்னும் விடையையும் தவிர்க்க வேண்டும். சிந்திக்காமலே அதைக் குறிப்பது பலருக்கு வழக்கம்.

தமிழகத்து நூற்பாலைகளில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவரும் பணிபுரிகின்றனர். தமிழ் எழுத்தை அறியாத ஒருவர் வெற்றுத்தாளைக் கொடுத்தால், அவருக்குப் பாதுகாப்பு தெரியாது என்று பொருளன்று. அவருடைய மொழியில் வினாவைப் படித்துக்காட்டியோ, இயந்திரத்தின் படத்தை வைத்துச் சுட்டிக்காட்டச் சொல்லியோ விடை பெறலாம்.

தாளுக்கு அப்பால்

பயிற்சி முடிந்த உடனே எழுதும் விடை, அந்த ஒரு மணி நேரத்து நினைவையே காட்டும். இரண்டு வாரங்கள் கழித்து, வேலை பழகி, அவசரமும் சேர்ந்த பின்னரே பழைய தவறு தலைகாட்டும். எனவே, அதே ஆறு வினாக்களை வரிசை மாற்றி மீண்டும் ஒருமுறை கேட்பது தேவை. கட்டாய வினாவுக்குச் சரியாக விடையளித்தவரையும் இயந்திரத்தின் முன் நிறுத்தி, ‘இப்போது பஞ்சு அடைத்துக்கொண்டது, செய்து காட்டுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவர் பொத்தானை அழுத்தி, ஓரடி பின்வாங்கி, கதவைத் தொடாமல் மேற்பார்வையாளரை அழைத்தால், வினாத்தாளில் எழுதிய விடை அவர் கைக்கு வந்துசேர்ந்துவிட்டது எனலாம்.

கற்பவை கற்றபின்

1. ‘ஈரக் கையால் மின்விசையைத் தொடலாமா?’ என்னும் வினாவை, உண்மையில் தவறு நிகழும் தருணத்தைக் காட்டும் வினாவாக மாற்றி, நான்கு விடைகளுடன் எழுதுக.

2. உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் முதன்முதலாக நுழையும் மாணவர்களுக்காக ஆறு வினாக்கள் உருவாக்குக. அவற்றுள் எவை கட்டாய வினாக்கள் என்பதைக் காரணத்துடன் குறிப்பிடுக.

3. நீங்கள் உருவாக்கிய ஒரு வினாவுக்கு வகுப்பில் பலர் ஒரே தவறான விடையை எழுதினால், அது எதைக் காட்டுகிறது என்பது குறித்துக் கலந்துரையாடுக.