எடுத்த விழுக்காடும் கொடுத்த விழுக்காடும்

நுழையும்முன்

செஞ்சிக்கோட்டையின் இராசகிரி மலையிலிருந்து இருநூறு படிகள் இறங்கியவர், மீண்டும் அதே இருநூறு படிகள் ஏறினால் புறப்பட்ட இடத்தை அடைந்துவிடுவார். ஆனால், இருபது விழுக்காடு குறைக்கப்பட்ட ஊதியம், இருபது விழுக்காடு உயர்த்தப்பட்டால் பழைய நிலையை அடைவதில்லை. படிக்கணக்கிற்கும் விழுக்காட்டுக் கணக்கிற்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமையால், உழைப்பவர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தம்மை அறியாமலே இழக்க நேரிடும். அவ்வேறுபாட்டை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கடையின் கணக்கு

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், கொரோனாத் தொற்றைத் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன, விற்பனை நின்றது. அக்காலத்தில் பல நிறுவனங்கள் ஊழியரை வேலையினின்று நீக்காமல், ஊதியத்தைத் தற்காலிகமாகக் குறைத்தன. செஞ்சி நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பணியாற்றும் கணக்கர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய மாத ஊதியம் 20,000 ரூபாய். நிலைமை சீராகும்வரை இருபது விழுக்காடு குறைக்கப்படும் என்று உரிமையாளர் கூறுகிறார். கணக்கரும் உடன்படுகிறார். 20,000 ரூபாயில் இருபது விழுக்காடு 4,000 ரூபாய். ஆகவே, அவர் கைக்கு வருவது 16,000 ரூபாய்.

பத்துத் திங்கள் கழிகின்றன. வணிகம் மீள்கிறது. உரிமையாளர் மகிழ்ச்சியோடு, "அன்று இருபது விழுக்காடு எடுத்தோம், இன்று இருபது விழுக்காடு கூட்டிவிட்டோம். கணக்கு நேராகிவிட்டது" என்கிறார். மாத இறுதியில் கணக்கர் பெற்ற தொகை 19,200 ரூபாய்.

"ஐயா, எண்ணூறு ரூபாய் குறைகிறதே" என்கிறார் கணக்கர்.

"எடுத்ததும் இருபது, கொடுத்ததும் இருபது. பிறகு எப்படிக் குறையும்?" என்று வியக்கிறார் உரிமையாளர்.

இங்கு வஞ்சகம் ஏதுமில்லை. உரிமையாளர் நேர்மையாகவே பேசுகிறார். பிழை, 'இருபது விழுக்காடு' என்னும் சொல்லில் மறைந்திருக்கிறது. ஆயினும், அப்பிழையின் விளைவு சிறிதன்று. மாதம் 800 ரூபாய் என்றால் ஆண்டிற்கு 9,600 ரூபாய். யாரும் கவனிக்காவிட்டால் தற்காலிகக் குறைப்பின் ஒரு பகுதி நிலையான குறைப்பாகவே தங்கிவிடும்.

எதன்மேல் விழுக்காடு?

விழுக்காடு என்பது தனித்து நிற்கும் எண் அன்று. அது எப்போதும் ஏதேனும் ஒரு தொகையின் பகுதி. அத்தொகையை அடிப்படைத் தொகை எனலாம். ஊதியத்தைக் குறைத்தபோது அடிப்படைத் தொகை 20,000 ரூபாய். அதன் இருபது விழுக்காடு 4,000. உயர்த்தியபோது அடிப்படைத் தொகை 16,000 ரூபாய். அதன் இருபது விழுக்காடு 3,200 மட்டுமே. விழுக்காடு ஒன்றாக இருப்பினும் அடிப்படை சுருங்கிவிட்டதால் தொகையும் சுருங்கிவிட்டது. மலைப்படிகள் இவ்வாறு சுருங்குவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு படி ஒரு படியே.

அவ்வாறாயின், பழைய ஊதியத்தை அடையத் தேவையான உயர்வு எவ்வளவு? இழந்தது 4,000 ரூபாய். அதனை இப்போதைய ஊதியமாகிய 16,000 ரூபாயின் பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

4,000 ÷ 16,000 × 100 = 25

தேவையான உயர்வு இருபத்தைந்து விழுக்காடு. 16,000 ரூபாயில் அது 4,000 ரூபாய். கூட்டினால் 20,000 ரூபாய். ஊதியம் எத்தொகையாயினும் இவ்விடை மாறாது. 

பின்ன வடிவில் நோக்கினால் காரணம் எளிதில் விளங்கும். ஊதியத்தை ஐந்து சம பங்குகளாகப் பிரித்துக்கொள்வோம். இருபது விழுக்காடு என்பது ஐந்தில் ஒரு பங்கு. அதனை எடுத்தபின் எஞ்சுவன நான்கு பங்குகள். மீண்டும் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டுமெனில், அது எஞ்சிய நான்கில் ஒன்றுக்குச் சமம். தமிழர் பயன்படுத்திய பழைய பின்னப் பெயர்களில் சொன்னால், இழந்தது நாலுமா; ஈடுசெய்ய வேண்டுவது கால். இருபதில் ஒரு பங்கு 'மா' எனப்பட்டது. ஆகவே நாலுமா என்பது ஐந்தில் ஒன்று, கால் என்பது நான்கில் ஒன்று.

இதே முறையில் பிற குறைப்புகளையும் அறியலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒன்பதில் ஒரு பங்கு உயர வேண்டும். நான்கில் ஒரு பங்கு குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு உயர வேண்டும். பாதி குறைந்தால் எஞ்சிய பாதி இருமடங்காக வேண்டும். அதாவது நூறு விழுக்காடு உயர்வு தேவை. குறைப்பு பெரிதாகப் பெரிதாக, மீட்பிற்கான உயர்வு அதனினும் விரைந்து பெரிதாகிறது.

> தெரியுமா?
> 2020 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம் ஓராண்டிற்கு முப்பது விழுக்காடு குறைக்கப்பட்டது. முப்பது விழுக்காடு குறைந்த ஒரு தொகை பழைய நிலையை அடைய ஏறத்தாழ 42.86 விழுக்காடு உயர வேண்டும்.

குறைப்பை நீக்குதலும் ஊதியத்தை உயர்த்துதலும்

இக்குழப்பம் எழாதவாறு குறைப்பைக் கையாள இயலும். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1931ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு தன் ஊழியரின் ஊதியத்தில் பத்து விழுக்காடு பிடித்தம் செய்யத் தொடங்கியது. 1933இல் அப்பிடித்தம் ஐந்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; 1935இல் முழுவதும் நீக்கப்பட்டது. 100 ரூபாய் ஊதியம் பெற்றவர் முதலில் 90 ரூபாயும், பின்னர் 95 ரூபாயும், இறுதியில் 100 ரூபாயும் பெற்றார்.

இங்கு எவருடைய ஊதியமும் 'உயர்த்தப்படவில்லை' என்பது கருதத்தக்கது. பிடித்தம் என்பது மூல ஊதியத்தின்மேல் கணக்கிடப்பட்டது. அது தளர்த்தப்பட்டபோதும் மூல ஊதியத்தின்மேலேயே கணக்கிடப்பட்டது. அடிப்படைத் தொகை மாறாததால் எடுத்ததும் கொடுத்ததும் சமமாயின. செஞ்சிக் கடையின் உரிமையாளர், "இருபது விழுக்காடு உயர்த்துகிறேன்" என்று கூறாமல், "இருபது விழுக்காட்டுப் பிடித்தத்தை நீக்குகிறேன்" என்று கூறியிருந்தால் சிக்கலே எழுந்திராது. சொல் மாறும்போது அடிப்படைத் தொகையும் மாறிவிடுகிறது.

இழந்த மாதங்கள்

இருபத்தைந்து விழுக்காடு உயர்வு, இனிவரும் மாதங்களின் ஊதியத்தை மட்டுமே சரிசெய்யும். கழிந்த மாதங்களில் இழந்த தொகையை அது திருப்பித் தராது. கணக்கர் பத்துத் திங்கள், திங்களுக்கு 4,000 ரூபாய் வீதம் இழந்தார். மொத்தம் 40,000 ரூபாய். அதாவது இரண்டு மாத முழு ஊதியம். இருபது விழுக்காட்டுக் குறைப்பு ஐந்து மாதம் நீடித்தால் ஒரு மாத ஊதியம் இல்லாமற்போகும் என்று நினைவில் கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் கேரள அரசு தன் ஊழியரின் ஊதியத்தில் மாதந்தோறும் ஆறு நாள் ஊதியத்தை ஐந்து மாதங்களுக்கு நிறுத்திவைக்க ஆணையிட்டது. முப்பது நாளில் ஆறு நாள் என்பது இருபது விழுக்காடு. ஐந்து மாதங்களில் முப்பது நாள், அதாவது ஒரு மாத ஊதியம். ஊழியர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன்பின் அரசு, நெருக்கடிக் காலத்தில் ஊதியத்தின் இருபத்தைந்து விழுக்காடு வரை ஒத்திவைக்க இடமளிக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 

குறைத்தல் வேறு, ஒத்திவைத்தல் வேறு. குறைக்கப்பட்ட தொகை திரும்பாது. ஒத்திவைக்கப்பட்டது பின்னர்த் தரப்பட வேண்டியது. ஆகவே, தற்காலிகக் குறைப்பை அறிவிக்கும் கடிதத்தில் இவ்விரண்டில் எது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கின் எல்லைகள்

இருபத்தைந்து விழுக்காடு என்னும் விடை, முழு ஊதியமும் குறைக்கப்பட்டிருந்தால்தான் முழு ஊதியத்திற்கும் பொருந்தும். கணக்கரின் 20,000 ரூபாயில் 12,000 ரூபாய் அடிப்படை ஊதியம், 8,000 ரூபாய் படிகள் எனக் கொள்வோம். அடிப்படை ஊதியத்தில் மட்டும் இருபது விழுக்காடு குறைந்தால் இழப்பு 2,400 ரூபாய். கைக்கு வருவது 17,600 ரூபாய். இப்போது அடிப்படை ஊதியம் இருபத்தைந்து விழுக்காடு உயர வேண்டும். மொத்த ஊதியம் ஏறத்தாழ 13.64 விழுக்காடு உயர்ந்தாலே போதும். 'எதன்மேல்' என்னும் வினாவை இங்கும் எழுப்ப வேண்டியுள்ளது.

மற்றோர் எல்லையும் உண்டு. குறைப்பு இல்லாதிருந்தால், அந்த ஆண்டில் வழக்கமான ஐந்து விழுக்காடு ஊதிய உயர்வு கணக்கருக்குக் கிடைத்து, ஊதியம் 21,000 ரூபாய் ஆகியிருக்கும் என்க. 16,000 ரூபாயிலிருந்து அந்நிலையை அடைய 5,000 ரூபாய் தேவை, அது 31.25 விழுக்காடு உயர்வு. இருபத்தைந்து விழுக்காடு அவரைப் பழைய ஊதியத்திற்குக் கொண்டுசேர்க்கும். இருந்திருக்க வேண்டிய ஊதியத்திற்குக் கொண்டுசேர்க்காது.

ஓர் உயர்வு உண்மையில் ஈடுசெய்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. குறைப்பிற்கு முன்பிருந்த ஊதியத்தை இப்போதைய ஊதியத்தால் வகுக்க வேண்டும். 20,000 ÷ 16,000 = 1.25. ஒன்றுக்கு மேல் உள்ள 0.25 என்பதே தேவையான இருபத்தைந்து விழுக்காடு. உயர்வு தரப்பட்டபின் அதே வகுத்தலைச் செய்தால் விடை சரியாக ஒன்றாக வேண்டும். செஞ்சிக் கணக்கர் 20,000ஐ 19,200ஆல் வகுத்தார். விடை ஒன்றைவிடச் சற்று மிகுந்தது. அத்தாளை அவர் உரிமையாளரிடம் காட்டினார். உரிமையாளர் தம் கையாலேயே மீண்டும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். பின்னர், ஊதியப் பதிவேட்டில் 19,200 என்பதை அடித்துவிட்டு 20,000 என எழுதினார்.

கற்பவை கற்றபின்

1. மாத ஊதியம் 30,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு இருபது விழுக்காடு குறைக்கப்பட்டுப் பின்னர் இருபது விழுக்காடு உயர்த்தப்பட்டது. அவருக்கு மாதந்தோறும் ஏற்படும் குறைவைக் கண்டறிந்து, அதன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
2. 'பிடித்தத்தை நீக்குதல்', 'ஊதியத்தை உயர்த்துதல்' ஆகிய இரு தொடர்களும் பொருளால் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை 1931ஆம் ஆண்டு நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. தற்காலிக ஊதியக் குறைப்பை அறிவிக்கும் கடிதம் ஒன்றை, அடிப்படைத் தொகை, கால அளவு, மீட்கும் முறை ஆகியன ஐயமின்றி விளங்குமாறு எழுதுக.