பின் பத்தலையா? முதலில் சில நம்பிக்கைகளைக் கழற்றுங்கள்

"சார், ஊனோ போர்டில் பின் பத்தலை. மெகா வாங்கிடட்டுமா?" என்று ஒரு கல்லூரி மாணவர் தாளில் எழுதிய பட்டியலுடன் வந்தார். பள்ளிப் பேருந்தின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி அது. எல்.சி.டி. திரைக்கு 6 பின், எஸ்.டி. கார்டுக்கு 4, ஜி.பி.எஸ்ஸுக்கு 2, நேரம் காட்டும் டி.எஸ்.3231 சிப்பும் குலுக்கலை அளக்கும் எம்.பி.யு.6050 சிப்பும் சேர்ந்து 2, பொத்தான்களுக்கு 4, ரிலேக்களுக்கு 2, பஸருக்கு 1. யு.எஸ்.பி.க்கென்று ஒதுக்கிய 0, 1 பின்களையும் சேர்த்தால் 23 ஆகிறது. ஆர்டுயினோ ஊனோவில் இருப்பதோ 20. போர்டை மாற்றத் தேவையில்லை என்றேன். ஆனால் அதை அவருக்குப் புரியவைப்பதற்குள் நான்கு நம்பிக்கைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நம்பிக்கை: ஐ2சி-க்கு இரண்டே ஒயர். அதில் எத்தனை சிப் வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

முதல் பாதி சரி. திரையின் முதுகில் பி.சி.எஃப்.8574 சிப் உள்ள சின்ன அட்டையைச் சாலிடர் செய்தால் 6 பின் மிச்சமாகும். திரையும் ஏ4, ஏ5 ஒயர்களுக்கே வந்துவிடும். கணக்கு 23-லிருந்து 17 ஆகிவிட்டது. மாணவர் முகத்தில் சிரிப்பு. மறுநாள் காலையில் போன் வந்தது: "கடிகாரம் கண்டபடி நேரம் காட்டுது சார்."

ஐ2சி-யில் ஒவ்வொரு சிப்புக்கும் 7 பிட் முகவரி உண்டு. மொத்தம் 128 முகவரிகள். ஒதுக்கப்பட்ட 16 போக 112 மிஞ்சும். அவ்வளவு இடம் இருந்தும் மோதல் வரக் காரணம், முகவரியை நாம் வைப்பதில்லை, சிப் தயாரிப்பவர் வைக்கிறார். டி.எஸ்.3231-இன் முகவரி `0x68`. எம்.பி.யு.6050-இன் முகவரியும் `0x68`. தபால்காரர் ஒரு கதவு எண்ணைக் கூப்பிட்டால் இரண்டு வீட்டுக்காரர்களும் "நான்தான்" என்று வந்து நிற்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவர் 1 என்றும் மற்றவர் 0 என்றும் சொன்னால், ஒயரில் 0-தான் நிற்கும். நேரம் கண்டபடி வந்தது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சில வரிகள் போதும். `Wire.begin()`, `Serial.begin(9600)` இரண்டையும் எழுதிவிட்டு, இதை ஓட்டுங்கள்:

```
for (byte a = 8; a < 120; a++) {
  Wire.beginTransmission(a);
  if (Wire.endTransmission() == 0)
    Serial.println(a, HEX);
}
```

அவருடைய போர்டில் 27, 57, 68 என்று மூன்று எண்கள் வந்தன. 27 என்பது திரை. 57 என்பது கடிகார அட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வரும் நினைவகச் சிப். பலர் இதைப் பார்த்துத் திகைப்பார்கள். ஆக, ஒயரில் நான்கு சிப்கள், பதில் வந்த முகவரிகள் மூன்று. ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்திருக்கிறது.

நல்லவேளையாக எம்.பி.யு.6050-இல் ஏ.டி.0 என்றொரு கால் உண்டு. அதை 3.3 வோல்ட்டில் கட்டினால் முகவரி `0x69` ஆகும். எல்லாச் சிப்புக்கும் இந்த வசதி கிடையாது. தூரம் அளக்கும் வி.எல்.53எல்.0எக்ஸ் சென்சார்கள் எல்லாமே `0x29`-இல் விழிக்கும். மூன்றை மாட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் புது முகவரி கொடுக்க வேண்டும். அப்படி எழுப்புவதற்குத் தனித்தனி பின் வேண்டும். மிச்சம் பிடித்த பின் வேறு வழியில் போய்விடுகிறது.

நம்பிக்கை: புல்-அப் மின்தடை மாட்யூலிலேயே இருக்கு, கவலை இல்லை.

இருப்பதுதான் சிக்கல். ஐ2சி-யில் சிப்கள் ஒயரைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும். மேலே தூக்குவது அந்த மின்தடையின் வேலை. கடையில் வாங்கும் ஒவ்வொரு மாட்யூலிலும் பெரும்பாலும் ஒரு ஜோடி இருக்கும். 4.7 கிலோ ஓம் உள்ள மாட்யூல்கள் நான்கை ஒரே ஒயரில் மாட்டினால் அவை பக்க இணைப்பாகி சுமார் 1.2 கிலோ ஓமாக இறங்கும். 5 வோல்ட்டில் அந்த ஒயரைக் கீழே இழுக்க சிப் கிட்டத்தட்ட 4 மில்லியாம்பியர் விழுங்க வேண்டும். சாதாரண வேகச் சிப்களிடம் விதிமுறை எதிர்பார்ப்பது 3 மட்டுமே. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 1.5 கிலோவுக்குக் கீழே காட்டினால், இரண்டு மாட்யூல்களிலிருந்து அந்த மின்தடைகளைக் கழற்றிவிடுங்கள்.

புல்-அப்பே இல்லாமல் ஏ.வி.ஆர். சிப்புக்குள் இருப்பதை மட்டும் நம்புவது இதற்கு நேர் எதிரான தவறு. அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். ஒயர் மெதுவாக மேலேறும். மேசையில் வேலை செய்யும், கொஞ்சம் நீட்டினால் நின்றுவிடும். பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் ஐ2சி-யை உருவாக்கியது ஒரு போர்டுக்குள் சிப்கள் பேசிக்கொள்ளத்தான். மொத்த ஒயரின் மின்தேக்கம் 400 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும். திரையைப் பேருந்தின் முன்பக்கம் நான்கு மீட்டர் தள்ளி வைக்கலாமா என்று மாணவர் கேட்டார். கூடாது, தம்பி.

இன்னொன்று: எம்.பி.யு.6050 3.3 வோல்ட் சிப். திரை அட்டை ஒயரை 5 வோல்ட்டுக்குத் தூக்கும். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் குட்டி அட்டை ஒன்றை வையுங்கள்.

நம்பிக்கை: எஸ்.பி.ஐ பின் தின்னி.

மூன்று ஒயர் பொது. அதற்கு மேல் சிப்புக்கு ஒரு தேர்வுப் பின். இதைப் பார்த்தே பலர் ஓடிவிடுகிறார்கள். ஆனால் 74எச்.சி.595 போன்ற சிப்களை ஒன்றின் வாலில் இன்னொன்றாகக் கோத்தால், மூன்றே பின்னில் 8, 16, 24 என்று வெளியீடுகள் கிடைக்கும். எஸ்.டி. கார்டுக்கு எஸ்.பி.ஐ-யே சரி, கார்டு ஐ2சி பேசாது.

எஸ்.பி.ஐ-யில் என்னைப் படுத்தியது வேறு. மலிவான எஸ்.டி. மாட்யூல்கள் சிலவற்றில், கார்டைத் தேர்வு செய்யாதபோதும் மிசோ ஒயரை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி சுற்று அமைந்திருக்கும். தனியாக இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். அதே மூன்று ஒயரில் இன்னொரு எஸ்.பி.ஐ சென்சாரை மாட்டினால் அந்தச் சென்சார் வெறும் பூஜ்ஜியமோ `FF`-ஓ தரும். கார்டு மாட்யூலைக் கழற்றியதும் சென்சார் உயிர்பெற்றால், குற்றவாளி அதுதான்.

நம்பிக்கை: 0, 1 பின்கள் சும்மாதானே இருக்கு, ஜி.பி.எஸ்ஸை அங்கே மாட்டலாம்.

சீரியல் இருவர் பேச்சு. அந்த ஜோடியில் ஏற்கெனவே யு.எஸ்.பி. சிப் உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியில் 1 கிலோ ஓம் மின்தடை உண்டு, ஜி.பி.எஸ்ஸுக்கு அப்படி எதுவும் இல்லாததால் அதன் குரலே மேலோங்கும். புரோகிராம் ஏற்றும்போது `not in sync: resp=0x00` என்று கணினித் திரையில் வந்தால், பெரும்பாலும் இதுதான். வேறு இரு பின்களில் `SoftwareSerial` வைத்து 9600 வேகத்தில் ஓட்டினால் தாங்கும். ஆனால் அதன் பெட்டியில் 64 எழுத்துகள்தான் கொள்ளும். 66 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும். எஸ்.டி. கார்டு எழுத அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் ஜி.பி.எஸ் வாக்கியம் பாதியில் அறுந்து வரும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகே கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

மாணவரின் போர்டு இப்போது அதே ஊனோதான். தேடினால் 27, 57, 68, 69 என்று நான்கு எண்கள் வருகின்றன. மூன்று பின்கள் காலியாகக் கிடக்கின்றன.