கேட்டுக்கொண்டிருந்த மாத்திரை ஏன் கேட்காமல் போகிறது? இமாட்டினிப்பும் 315-ஆம் இடமும்

“இத்தனை நாளாகக் கேட்ட மாத்திரை இப்போது ஏன் கேட்கவில்லை, டாக்டர்? உடம்புக்குப் பழகிவிட்டதா?” நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடல் மருந்துக்குப் பழகுவதில்லை. மாறுவது, மருந்து சென்று அமரும் இடம். அந்த மாற்றம் எவ்வாறு நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இந்நோயில் எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் தனித்தனியாக இருந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, ஒரு புதிய ஒட்டு நொதி உருவாகிறது. உங்கள் ஆய்வறிக்கையில் BCR-ABL1 என்று காணப்படுவது இதுவே. இது கைனேஸ் வகையைச் சேர்ந்த நொதி. உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மீது பொருத்துவது கைனேஸின் வேலை. அவ்வாறு பொருத்தும்போது, ‘பிரிந்து பெருகு’ என்னும் கட்டளை உயிரணுவுக்குள் பரவுகிறது. இயல்பான கைனேஸ் தேவைப்படும்போது இயங்கி, பின்னர் அடங்கும். இந்த ஒட்டு நொதியோ அடங்குவதே இல்லை. அதனால் வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன.

ஏ.டி.பி. வந்து அமர்வதற்கென இந்நொதியில் ஒரு குழிவு உண்டு. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், அந்தக் குழிவிலும் அதையொட்டி உள்ளே செல்லும் சிறு அறையிலும் புகுந்துகொள்கிறது. நொதியை அடங்கிய நிலையிலேயே பூட்டி வைக்கிறது. ஏ.டி.பி.க்கு இடமில்லாததால் கட்டளை நின்றுபோகிறது. அக்கட்டளையை நம்பியிருந்த நோயணுக்கள் மடிகின்றன. உட்புற அறையின் வடிவம் கைனேஸுக்குக் கைனேஸ் வேறுபடும். ஆகவே இம்மருந்து சில கைனேஸ்களை மட்டுமே தடுக்கிறது.

அந்த உட்புற அறையின் வாயிலில் நிற்பது, நொதிச் சங்கிலியின் 315-ஆவது அமினோ அமிலம். மருத்துவர்கள் இதை ‘வாயிற்காவலர்’ என்றே அழைப்பர். இயல்பாக இங்கே இருப்பது திரியோனின். உருவில் சிறியதாதலால் மருந்து உள்ளே நுழைய அது வழிவிடுகிறது. அதோடு மருந்துடன் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றை ஏற்படுத்தி, அதைப் பிடித்தும் வைக்கிறது. மரபணுவில் இந்த இடத்துக்குரிய ACT என்னும் மூன்றெழுத்தில் நடு எழுத்து மட்டும் மாறி ATT ஆகிவிட்டால், திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின் வந்து நிற்கும். ஐசோலூசின் பருத்தது, வாயிலை அடைத்துக்கொள்கிறது. மருந்தைப் பிடித்து வைத்த பிணைப்பும் அதனால் இயலாது. ஏ.டி.பி. அமர்வதற்கோ அந்த உட்புற அறை தேவையில்லை. ஆகவே மருந்து வெளியே நிற்க, நொதி தன் வேலையைத் தொடர்கிறது. அறிக்கையில் T315I என்று எழுதப்படும் பிறழ்வு இதுவே: 315-ஆம் இடத்தில் T என்னும் திரியோனின் போய், I என்னும் ஐசோலூசின் வந்துள்ளது என்பது அதன் பொருள்.

இந்தப் பிறழ்வை மருந்து உண்டாக்குவதில்லை. உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணு முழுவதும் படியெடுக்கப்படுகிறது; அப்போது எங்கேனும் ஓர் எழுத்து பிழைபடுவது இயற்கை. நோயணுக்கள் பெருந்தொகையாக இருக்கும்போது, அவற்றுள் ஒன்றில் அந்தப் பிழை 315-ஆம் இடத்திலேயே நேரக்கூடும். மருந்து இல்லாதவரை அந்த அணுவுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. மருந்து வந்தபின் மற்றவை மடிய, அது மட்டும் எஞ்சிப் பெருகுகிறது. ஒரே களைக்கொல்லியைத் தொடர்ந்து தெளித்த வயலில், அதற்கு மடியாத களை மட்டும் பரவுவதைப் போன்றது இது. மாத்திரையை இடையிடையே விடும்போது நோயணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. படியெடுப்புகள் கூடக்கூட, பிழைக்கான வாய்ப்பும் கூடுகிறது.

பலரிடம் கண்டதை ஒன்றுசேர்த்து, ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நாற்பத்தைந்து வயதான ஒருவர் நாள்தோறும் 400 மி.கி. இமாட்டினிப் உட்கொள்கிறார். ஒட்டு மரபணுவின் அளவு 3-ஆம் மாதத்தில் 8 சதவீதம், 6-ஆம் மாதத்தில் 0.9, ஓராண்டில் 0.08. இவை முறையே 10, 1, 0.1 ஆகிய எல்லைகளுக்குள் இருப்பதால் சிகிச்சை செவ்வனே நடக்கிறது. மூன்றாம் ஆண்டில் அளவு 0.4 ஆகிறது, மறுபரிசோதனையில் 2.5, அதற்கடுத்து 11. இரத்த அணுக்களின் எண்ணிக்கை அப்போதும் இயல்பாகவே இருக்கிறது; அவருக்கு எந்த உபாதையும் இல்லை. இந்த ஏற்றத்தை மூலக்கூறு பரிசோதனை மட்டுமே காட்டிக்கொடுத்தது.

ஏற்றம் கண்டவுடன் பிறழ்வு என்று முடிவு கட்டுவதில்லை. மாத்திரை விடுபட்டதா என்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டாயின் போன்றவை புதிதாகச் சேர்ந்தனவா என்றும் முதலில் கேட்போம். இவை இமாட்டினிப்பைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்து, இரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும். இவர் விஷயத்தில் இரண்டும் இல்லை. எனவே பிறழ்வுப் பரிசோதனை செய்தோம். T315I இருப்பது தெரிந்தது.

இப்பரிசோதனைக்கான இரத்தத்தை, பழைய மருந்தை நிறுத்துமுன் எடுப்பதே நன்று. மருந்தை நிறுத்தினால் மற்ற நோயணுக்கள் மீண்டும் பெருகி, பிறழ்வுற்ற அணுக்களை மறைத்துவிடலாம். வழக்கமான வரிசையறி முறையில், பிறழ்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஆகவே ‘பிறழ்வு இல்லை’ என்னும் அறிக்கை முழு உறுதியன்று. நொதியின் குழிவில் பிறழ்வே இல்லாமல், வேறு வழிகளில் நோய் மருந்தை மீறுவதும் உண்டு.

அடுத்த மருந்து எது என்பதை இந்த அறிக்கையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகியவை வேறு பல பிறழ்வுகளுக்குக் கேட்கும். T315I வாயிலை அவற்றாலும் கடக்க இயலாது. பொனாட்டினிப் அந்த இடத்தில் மெல்லிய நேர்கோடு போன்ற அமைப்புடையதாதலால், பருத்த ஐசோலூசினை உரசாமல் உள்ளே செல்கிறது. ஆனால் அது தமனிகளில் அடைப்பை உண்டாக்கக்கூடும். எனவே இதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே தொடங்கி, நோய் அடங்கியதும் அளவைக் குறைப்போம். அசிமினிப் ஏ.டி.பி. குழிவுக்கே செல்வதில்லை, நொதியின் வேறொரு பகுதியிலுள்ள குழிவில் அமர்ந்து அதை அடக்குகிறது. T315I உள்ளவர்க்கு அதன் அளவு பிறருக்கு வேண்டியதைவிட மிகுதி. இவை கேளாதவர்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேசுவோம்.

மேற்சொன்னவர் அடுத்த முறை வந்தபோது, “நான் ஏதும் தவறு செய்துவிட்டேனா?” என்று கேட்டார். இல்லை. அவர் ஒரு மாத்திரையும் விடவில்லை. ஓர் உயிரணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை அவர் தவறாமல் கொடுத்த இரத்தம், உடல்நிலை சீர்கெடுமுன் அதை நமக்குக் காட்டிவிட்டது. உங்கள் பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள். ஒரு தனி எண்ணைக் கொண்டு நாங்கள் முடிவெடுப்பது அரிது. அந்த எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்பதைக் கொண்டே முடிவெடுக்கிறோம்.