காபிச் சக்கை: உரமாக்கும் முறை

ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையை ரோஜாத் தொட்டியில் அப்படியே கொட்டுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். காய்ந்ததும் அது மண்மேல் ஏடாகப் படிந்து தண்ணீரை இறங்கவிடாது. அதில் தங்கியுள்ள காஃபின் இளஞ்செடிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். ஆகவே முதலில் மட்க வைக்க வேண்டும்.

ஒரு கிண்ணம் சக்கைக்கு, காய்ந்த இலையும் காய்கறித் தோலுமாக நான்கு கிண்ணம் சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம். காய்ந்த இலையைக் கூட்டுங்கள். கறுத்து உதிரியாகி மண்வாசம் வந்தால் உரம் தயார்.

சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்பது சரியன்று. புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுகிறது. எறும்பை விரட்டும் என்பதையும் நம்பியிருக்க முடியாது. ஃபிரிட்ஜ் வாடைக்கு, வெயிலில் நன்கு உலர்த்திய சக்கையைக் கிண்ணத்தில் வைக்கலாம். ஈரமாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.