பில்லுக்கு 3 ரூபாய்: கட்டுப்படியாகுமா?

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பில் ஒன்றுக்கு 3 ரூபாய் என்று ஒரு வேலை வருகிறது. ஒரு பில்லை அடிக்க 4 நிமிடம் ஆகும், மணிக்கு 45 ரூபாய் தேறும் என்று மனக்கணக்குப் போடுவோம். முதல் 100 பில்லை முடித்துவிட்டு மறுபடி பாருங்கள். அடிக்க 400 நிமிடம். பிழை என்று திரும்பி வந்த 10 பில்லைத் திருத்த, ஐந்தைந்து நிமிடமாக 50. ஃபைலை இறக்கி ஏற்ற 30. ஆக மொத்தம் 8 மணி நேரத்துக்கு 300 ரூபாய், மணிக்கு 37.50தான். பக்கத்துக் கடையில் பில் போட உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று விசாரித்து, அதோடு ஒப்பிடுங்கள்.

பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிழை மிகுந்தால் நீங்களே நஷ்டஈடு தரவேண்டும் என்ற ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம். வேலையை வாங்கிக்கொண்டு, வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யலாம்.

கூலி குறைவு என்பதாலேயே தள்ளிவிடவும் வேண்டாம். கையில் வருவது என்ன சரக்கு என்று பாருங்கள். கேப்ட்சா அடிப்பதில் ஒரு வருடம் போனாலும் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி பில் அப்படியல்ல. அதை அடிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த படி அருகிலேயே இருக்கிறது.

அந்தப் படிக்குப் பெயர் 2பி ஒப்பீடு. ஒரு வியாபாரி வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அந்த பில் ஜிஎஸ்டி தளத்தின் GSTR-2B பட்டியலில் வந்திருக்க வேண்டும். பட்டியல் பொதுவாக மாதம் 14ஆம் தேதி வரும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவருக்குக் கெடு 20. நடுவில் உள்ள நாட்களில் ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கை போதாது.

எக்செலில் கொள்முதல் பட்டியலை ஒரு ஷீட்டிலும் 2பியை `2B` என்ற ஷீட்டிலும் வையுங்கள். இரண்டிலும் A பத்தியில் விற்றவரின் ஜிஎஸ்டி எண், B பத்தியில் பில் எண். C2-வில் கீழுள்ள முதல் ஃபார்முலாவை இரண்டு ஷீட்டிலும், D2-வில் அடுத்ததைக் கொள்முதல் ஷீட்டில் மட்டும் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=TRIM(A2)&"|"&TRIM(B2)
=COUNTIF('2B'!C:C,C2)
```

0 என்று வந்தால் அந்த பில் 2பியில் இல்லை. உடனே விற்றவர்மேல் பழி போடாதீர்கள். ஒரு பக்கம் 023, மறுபக்கம் 23 என்று இருந்தாலும் 0தான் வரும். அடித்ததில் பிழையா, விற்றவர் இன்னும் GSTR-1 தாக்கல் செய்யவில்லையா என்று பிரித்து எழுதுவதுதான் இதில் திறமை. ஃபார்முலா தொகையைப் பார்க்காது. வரித் தொகையைத் தனியே சரிபாருங்கள்.

இதோடு டேலியில் வவுச்சர் போடவும் பழகிவிட்டு, அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்குக் கேளுங்கள். மாதிரி காட்டச் சொன்னால், நீங்களே கற்பனையாக உருவாக்கிய 50 பில்லை வைத்துச் செய்து காட்டுங்கள். பழைய வாடிக்கையாளரின் பில்லை வெளியே எடுப்பவரை எந்த ஆடிட்டரும் உள்ளே சேர்க்க மாட்டார்.